லேட் வண்டிக் காபி

அரியலூர் ஸ்டேஷனில் வண்டி எவ்வளவு நேரம் லேட் என்று தெரிந்துகொள்ள அந்த வருஷம் யாரும் போர்டைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்து ஸ்டாலில் உண்ணாமலை போடும் காபியைக் குடித்துப் பார்த்தார்கள். சீசன் டிக்கெட்டில் திருச்சிக்குப் போய்வரும் ஆபீஸ்காரர்கள் கிளப்பிவிட்ட கேலி இது. முதல் வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னைக்கு நாப்பது நிமிஷம்" என்பார் ஒருத்தர். இன்னொருத்தர் ஒரு வாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், ஒரு மணி நேரம் இருக்கும்" என்பார். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

உண்ணாமலை முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது, காசு கொடுத்துக் குடிக்கிறவர்கள். ஆனால் ஒரு திங்கட்கிழமை இராமலிங்கம் என்ற குமாஸ்தா, ஸ்டால் ஓரத்தில் கயிற்றில் தொங்கிய புகார்ப் புத்தகத்தை எடுத்து, மேல்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து, நின்றபடியே எழுதினார். அவர் வண்டி ஏறிப் போனபிறகு அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "காபி தினமும் கசக்கிறது. பழைய பொடியையே இரண்டு மூன்று முறை வடித்து விற்கிறார்கள். நடவடிக்கை தேவை." கீழே கையெழுத்து, தேதியோடு.

கசக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். கசக்கத்தான் செய்தது, அவளும் குடித்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் பழைய பொடி என்பது அபாண்டம். புருஷன் போனபிறகு ஆறு வருஷமாக அந்த ஸ்டாலில் நிற்கிறாள். வடித்த சக்கையை ஒரு நாளும் மறுபடி ஃபில்டரில் போட்டதில்லை. சக்கை எல்லாம் பிளாட்பாரம் ஓரத்து அரளிச் செடிக்குத்தான் போகும். அந்தச் செடியைப் பார்த்தாலே தெரியும், எப்படித் தழைத்து நிற்கிறது என்று.

நாலாம் நாள் காண்டிராக்டர் நல்லுசாமியிடமிருந்து தபால் கார்டு வந்தது. ஸ்டால் அவர் பெயரில். இவள் அவருக்கு நடத்திக் கொடுப்பவள். புகார் தன் காதுக்கு வந்துவிட்டதென்றும், வருகிற வியாழக்கிழமை திருச்சியிலிருந்து காலை வண்டியில் தானே வந்து குடித்துப் பார்க்கப் போவதாகவும், புகார் நிஜமென்றால் ஸ்டாலை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகவும் நாலே வரியில் எழுதியிருந்தார்.

"யாராச்சும் செய்வினை வச்சிருப்பாங்கக்கா" என்றாள் வேம்பு. டம்ளர் கழுவுகிறவள்; செட்டிகுளத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எதற்கும் ஒரு காரணம் உடனே வைத்திருப்பாள். "வண்டி நேரத்துக்கு வந்தா காபி நல்லாருக்கு. லேட்டானா கசக்குது. மனுசன் செய்யற வேலையா இது?"

"வண்டிக்கும் காபிக்கும் என்னடி சம்மந்தம்?"

"அதான் நானும் கேக்குறேன்."

கேலியாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அது உண்ணாமலையின் மண்டைக்குள் புகுந்துகொண்டு வெளியே போக மறுத்தது. வண்டிக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்கியது. வண்டி இரண்டே நிமிஷம் நிற்கும். அதற்குள் முப்பது கை நீளும். அதனால் டிக்காஷன் முன்கூட்டியே தயாராக, சூடாக இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் சிக்னல் மணி அடித்த பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து, கொஞ்சமாக வடித்து, அப்படியே ஊற்றிவிடுவாள். சில நாள் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். போன தை மாதம் நல்லுசாமி வந்து பார்த்துவிட்டு, "இப்படி இருந்தா வியாபாரம் உருப்படாது" என்று சொல்லி, திருச்சியிலிருந்து கரண்டில் சுடும் ஹாட் பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டாலில் மாட்டிவிட்டுப் போனார். வட்டமான இரும்புத் தட்டு, கீழே ஒரு திருகு. காலையில் மொத்தமாக வடித்து அதன்மேல் வைத்துவிட்டால் போதும். எப்போது வண்டி வந்தாலும் ஆவி பறக்கும். பிளேட்டை அணைக்கவே கூடாது என்பது அவர் உத்தரவு.

ஆக, வண்டி லேட் என்றால் டிக்காஷனுக்கு வயசு கூடுகிறது. வயசானால் கசக்கும் போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். அந்த முடிவு ஒரே நாள்தான் நிலைத்தது.

சனிக்கிழமை பகலில் சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று, எக்ஸ்பிரசுக்கு வழிவிட லூப் லைனில் ஒதுங்கி நின்றது. அதன் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு மதுரைவீரன் காலாற நடந்து வந்து ஸ்டாலுக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உண்ணாமலை வழக்கம்போல டம்ளரை எடுத்தாள். அவர் கையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து நீல நிற பிளாஸ்க்கை எடுத்து அதன் மூடியிலேயே ஊற்றிக் குடித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "என் காபிய அவ்வளவு தூரம் கேவலப்படுத்திட்டீங்களா அண்ணே?"

"அட, அதில்ல தங்கச்சி. சக்கர வியாதி. சீனியும் கூடாது, பாலும் வேண்டாம்னுட்டாரு டாக்டரு. வூட்டுக்காரியே வெறும் கடுங்காபி போட்டு ஊத்திக் குடுத்துடறா."

"எப்ப போட்டது?"

"விடிகாலை நாலு மணி. விருத்தாசலத்துல."

ஸ்டேஷன் கடிகாரத்தில் பதினொன்றாகப் போகிறது. ஏழு மணி நேரம். அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். "எனக்கு ஒரு வாய் ஊத்துங்க."

மதுரைவீரன் புரியாமல் பார்த்தார். காபிக்கடைக்காரி காபி கேட்டு அவர் கண்டதில்லை. ஊற்றினார். பாலில்லை, சர்க்கரையில்லை, கசப்பை மறைக்க எதுவுமே இல்லை. அவள் நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினாள். இப்போதுதான் போட்டது போல என்று சொல்ல முடியாது. வாசனை கொஞ்சம் தணிந்துதான் இருந்தது. ஆனால் நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கசப்பு இல்லை. தீய்ந்த ருசியும் இல்லை.

"ஏழு மணி நேரம் ஆன காபி கசக்கல. நாப்பது நிமிசம் ஆன என் காபி கசக்குது. இது எந்த ஊரு நியாயம்ணே?"

"எனக்கென்ன தெரியும்" என்றார் அவர். "இதுல ஒரு மந்திரமும் கெடயாது. போன வருசம் ஒண்ணு கீழ வுழுந்து ஒடஞ்சுச்சு, உள்ள பார்த்தேன். கண்ணாடிக் குடுவைக்குள்ள கண்ணாடிக் குடுவை. நடுவுல இருக்கற காத்த உறிஞ்சி எடுத்துட்டு மூடிடறானுங்க. முகம் பாக்கற கண்ணாடிக்குப் பூசுவாங்களே ரசம், அது மாதிரி பளபளன்னு பூசியிருக்கு. சூடு வெளிய போக வழியில்ல. அவ்வளவுதான். அதுவா ஒண்ணும் சுட வைக்காது. நீ ஊத்துன சூடுதான் உள்ள இருக்கும்."

கூட்ஸ் கிளம்பிப் போய்விட்டது. அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. அதுவாக ஒன்றும் சுட வைக்காது. அவளுடைய பிளேட்டோ சுட வைத்துக்கொண்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லை. உண்ணாமலை புதுப் பொடி பிரித்து, கெட்டியாக வடித்து, ஒரே டிக்காஷனை இரண்டு பாத்திரத்தில் சரிபாதியாக ஊற்றினாள். ஒன்றைத் திறந்தபடியே பிளேட்டில் வைத்தாள். இன்னொன்றைத் தட்டுப் போட்டு மூடி, துணியைச் சுற்றி, மூலையில் வைத்தாள். வேம்பு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னக்கா, பரிச்சை வைக்கிறியா?"

"ஆமாடி. நீதான் வாத்தியாரு. ஒரு மணி நேரம் கழிச்சு மார்க் போடு."

ஒரு மணி நேரம் கழித்து முதலில் கண்ணாலேயே பார்த்தாள். பிளேட்டில் இருந்தது ஒரு விரல் அளவு இறங்கிப் போயிருந்தது. பாத்திரத்தின் உள்சுவரில், முன்பு டிக்காஷன் நின்ற இடத்தில், கருப்பாக ஒரு வளையம் காய்ந்து பிடித்திருந்தது. காலையில் ஸ்டால் முழுக்க மணத்ததே, அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போது உறைத்தது. டம்ளருக்குள் இருக்க வேண்டிய மணம் ஆவியோடு ஆவியாக பிளாட்பாரத்துக்குப் போயிருக்கிறது. இத்தனை நாள் அதை நல்ல வியாபார அறிகுறி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

குடித்துப் பார்த்தாள். பிளேட்டில் இருந்தது கடுங்கசப்பு. மூலையில் இருந்தது ஆறிப் போயிருந்தது, ஆனால் கசக்கவில்லை. வேம்புவும் குடித்தாள். "இது காபி, அது கசாயம்" என்று மார்க் போட்டாள்.

"தண்ணி சுண்டுனதால கெட்டியாகிக் கசக்குதோ?" என்று உண்ணாமலைக்குச் சந்தேகம் வந்தது. சுண்டின அளவுக்குக் கொதிநீர் விட்டு, பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி குடித்தாள். கெட்டித்தனம் குறைந்தது, கசப்பு போகவில்லை. அதோடு ஒரு புளித்த காரமும் தொண்டையில் நின்றது. அப்படியென்றால் தண்ணீர் மட்டும் காரணமில்லை. டிக்காஷனே மாறிப்போயிருக்கிறது.

மாறத்தான் செய்யும். காபிக்கொட்டையில் இருக்கும் புளிப்புச் சத்துகள், டிக்காஷன் இறங்கின புதிதில் நாக்குக்கு இதமாக இருக்கும். சூடு விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் அவை உடைந்து, உறைப்பும் கசப்புமான வேறு பொருள்களாகிவிடும். திறந்த வாய் வழியே காற்று வேறு வந்து சேர்ந்து அதைச் சீக்கிரப்படுத்தும். அவற்றின் பெயரெல்லாம் உண்ணாமலைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. அவள் தன் பாஷையில் அதைச் சரியாகவே பிடித்தாள்.

"வெந்த சோத்த அடுப்புலயே வச்சிருந்தா என்னடி ஆகும்?"

"கொழஞ்சு அடிபிடிக்கும்."

"அதான். வடிச்சவொடனே காபி வெந்து முடிஞ்சிருது. நாம வேகவச்சுக்கிட்டே இருக்கோம்."

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் ஆறின காபியை யார் வாங்குவார்கள்? பிளேட்டும் கூடாது, ஆறவும் கூடாது. திங்கட்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போனாள். பாத்திரக்கடை அய்யாக்கண்ணு பிளாஸ்க் என்றதும் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கா? யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் பிளாஸ்க் வாங்குவதென்றால் வீட்டு ஆள் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"காபிக்குங்க" என்றாள். "அதுக்குத்தான் ஒடம்பு சரியில்ல." இரண்டு பெரிய பிளாஸ்க்குகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் கெட்டது.

காலையில் வடித்துவிட்டு, அதைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைக்க வேம்புவிடம் சொல்லிவிட்டு உண்ணாமலை பால் வாங்கப் போயிருந்தாள். வண்டி முக்கால் மணி லேட். வந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து, காய்ச்சின பாலில் விட்டு ஆற்றிக் கொடுத்தாள். முதல் டம்ளர் வாங்கிய இராமலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைப் பிளாட்பாரம் ஓரத்தில் கொட்டினார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

வண்டி போனபிறகு மீதி டிக்காஷனை ருசி பார்த்தாள். அதே கசப்பு. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஏறிப் போனது, வேம்புவை வைத்துப் பரீட்சை பார்த்தது, எல்லாம் வீண் என்று தோன்றியது. நாளன்னைக்கு முதலாளி வருகிறார்.

"நான் நல்லா சூடாத்தானக்கா ஊத்துனேன்" என்றாள் வேம்பு கலங்கிப்போய். "நீ இறக்கி வச்சது ரொம்ப ஆறியிருந்துச்சு. அப்படியே ஊத்துனா எப்படி நிக்கும்னுட்டு, பிளேட்டுல வச்சு தளதளன்னு கால் மணி நேரம் கொதிக்க வுட்டு ஊத்துனேன்."

உண்ணாமலை அவளையே பார்த்தாள். கோபம் வந்திருக்க வேண்டும்; வந்தது சிரிப்பு. ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிவதற்குள் ஆறிவிடும். ஆறினதை மறுபடி கொதிக்கவைக்காமல் யாரும் பால் விட மாட்டார்கள். வேம்பு அதைத்தான் செய்திருக்கிறாள். அங்கேயே கசந்துவிட்டது. பிளாஸ்க் என்ன செய்யும் பாவம். அதன் வேலை கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருப்பது; நல்லதைக் கொடுத்தால் நல்லதையும், கெட்டதைக் கொடுத்தால் கெட்டதையும் பத்திரமாக வைத்திருக்கும்.

"அப்ப ஆறாம எறக்கணும்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை ஃபில்டரைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அது கைசுடும்போதே பொடி போட்டாள். தளதளவென்ற தண்ணீர் விட்டு, இறுக மூடி, ஃபில்டரையே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கவைத்தாள். டிக்காஷன் இறங்குகிற வரைக்கும் பிளாஸ்க்கிலும் வெந்நீர் ஊற்றி வைத்திருந்து, கொட்டிவிட்டு, உடனே டிக்காஷனைக் கழுத்துவரை நிரப்பி மூடினாள். பாலை அதனோடு சேர்க்கவில்லை, அது தனியாகக் கொதிக்கட்டும், கடைசியில் சேரட்டும். அன்றைக்கு வண்டி சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

வியாழக்கிழமை திருச்சியிலிருந்து வரும் வண்டி ஒன்றேகால் மணி நேரம் லேட். அதே நேரத்துக்கு எதிர்ப்பக்கம், திருச்சிக்குப் போகிற வண்டியும் லேட். சீசன் டிக்கெட் கூட்டம் முழுக்க பிளாட்பாரத்தில் நின்றது. வேம்பு குலசாமியை வேண்டிக்கொண்டு டம்ளர்களைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். உண்ணாமலை மட்டும் அன்றைய டிக்காஷனில் ஒரு சின்னப் பாத்திரம் அளவு ஒதுக்கி, வேண்டுமென்றே பிளேட்டின்மேல் வைத்தாள்.

"பைத்தியமாக்கா ஒனக்கு?"

"இருக்கட்டும்டி. ஆள் வரட்டும்."

நல்லுசாமி வெள்ளை வேட்டி கசங்கி, வியர்த்து, வண்டி லேட்டான எரிச்சலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்கினார். நேராக ஸ்டாலுக்கு வந்தார். புகார்ப் புத்தகத்தைத் திறந்து படித்தார். இராமலிங்கம் பத்தடி தள்ளி, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடு" என்றார்.

அவள் இரண்டு டம்ளரில் கொடுத்தாள். ஒரே பால், ஒரே அளவு சர்க்கரை. வலதுகைப் பக்கத்து டம்ளரை முதலில் எடுத்தார். ஒரு வாய். முகம் கோணிற்று. "இதத்தான் எழுதியிருக்கான். பழைய பொடி. சந்தேகமே இல்ல."

"மத்தத குடிச்சுப் பாருங்க மொதலாளி."

குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமலே முக்கால்வாசி குடித்துவிட்டார். "இது புதுப்பொடி. இப்பதான் எறக்குனது. ஏம்மா, நான் வர்றேன்னதும் எனக்கு மட்டும் புதுசா போடறியா? இத தெனமும் செஞ்சிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"ரெண்டும் ஒரே பொடிங்க. ஒரே ஃபில்டருங்க. ஏழு மணிக்கு ஒண்ணா எறக்குனது. நல்லாருக்கறது இந்த பிளாஸ்க்குல இருந்துச்சு." ஒரு கணம் நிறுத்தினாள். சொல்லத்தான் வேண்டும், ஸ்டால் போனாலும் போகட்டும். "பழைய பொடின்னு சொன்னீங்களே, அது நீங்க வாங்கிக் குடுத்த பிளேட்டு மேல இருந்துச்சு."

நல்லுசாமி பிளேட்டைப் பார்த்தார். அதன்மேல் இருந்த பாத்திரத்தில் கருப்பு வளையத்தைப் பார்த்தார். பிளாஸ்க்கைக் கையில் எடுத்து வெளிப்புறத்தைத் தடவினார். "சுடவே இல்லையே" என்றார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கோபமாக வந்த மனுஷன், கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்தவராக, மூக்கை உள்ளே விடாத குறையாக எட்டிப் பார்த்தார்.

"வெளிய சுட்டா சூடு வெளிய போவுதுன்னு அர்த்தங்க. இதுல போவல. அதனால மறுபடி சுடவைக்க வேண்டியதில்ல. சுடவைக்காததால கசக்கல. ரொம்ப நேரம் வச்சா இதுவும் ருசி மாறும், நான் இல்லங்கல. ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். வண்டி அதுக்கு மேல லேட்டானா புதுசா போட்டுக்கறேன்."

"பிளேட்டு?"

"பால் காய்ச்ச ரொம்ப சவுகரியங்க" என்றாள். அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்னதுதான், ஆனால் நிஜமும் கூட.

நல்லுசாமி பிளாஸ்க்கை மூடி வைத்தார். இருநூறு ரூபாய் பிளேட் அது. ஊர் ஊராக நாலு ஸ்டாலில் மாட்டி வைத்திருக்கிறார். நாலு ஊரிலும் யார் யாரையோ பழைய பொடிக்காரி, பழைய பொடிக்காரன் என்று திட்டியும் இருப்பார். அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, "ஸ்டால நீயே பாரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

போதும் என்று வேம்பு பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். உண்ணாமலைக்குப் போதவில்லை. புகார்ப் புத்தகத்தை எடுத்து, இராமலிங்கம் எழுதிய பக்கத்தைப் பிரித்து, அவர் முன் வைத்தாள்.

"ஸ்டாலு இருக்கட்டும் மொதலாளி. இத படிக்கறவங்க நாளைக்கும் படிப்பாங்க. இதுக்குக் கீழ நீங்க ஒரு பதில் எழுதணும்."

பேனா இல்லையென்று தப்பிக்கப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்ற இராமலிங்கம் நடந்து வந்தார். மேல்சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, நீட்டினார்.

நல்லுசாமி எழுதி, கையெழுத்துப் போட்டு, எதிர்ப்பக்கத்து வண்டியில் ஏறிப் போய்விட்டார். பிளாட்பாரம் காலியானதும் உண்ணாமலை பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததைப் பாலில்லாமல், சர்க்கரையில்லாமல் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வேம்புவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"பொடி புதுசு. கசக்கவைத்த பிளேட் என்னுடையது."